டிஸ்கிளைமர் வாட்ஸாப்பில் போகாது

கேள்வி: நான் இரணியல்காரன், வயது 30. திங்கள்நகர் போகிற வழியில் சின்னதாக ஒரு ஜிம் வைத்திருக்கிறேன். பயிற்சியாளர் சான்றிதழ் உண்டு. இரண்டு வருடமாக யூடியூப் சானலும் நடத்துகிறேன். போன மாதம் பத்து நாள் பழச்சாறு மட்டும் குடித்து 84 கிலோவிலிருந்து 77-க்கு வந்தேன். அதை வீடியோவாகப் போடலாம் என்று ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன், உங்களுக்கு அனுப்புகிறேன். கடைசியில் "கல்வி நோக்கத்துக்காக மட்டும்" என்று ஒரு டிஸ்கிளைமர் போட்டால் போதும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். போதுமா? எனக்கு நடந்ததைத்தானே சொல்கிறேன், அதில் என்ன தப்பு?

பதில்: தம்பி, உங்கள் ஸ்கிரிப்டை இரண்டு தடவை படித்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை என்பது தெரிகிறது. ஆனாலும் அதை அப்படியே போட வேண்டாம். நான் நாகர்கோவிலில் பொது மருத்துவம் பார்க்கிறவன். சில சானல்காரர்களுக்கு ஸ்கிரிப்ட் படித்துத் திருத்திக் கொடுக்கிற பழக்கமும் உண்டு. உங்களுடையதை வரி வரியாக எடுத்துப் பேசினால் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இந்த வாரம் முழுவதையும் அதற்கே தருகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் குளச்சல் அருகே 17 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். கல்லூரியில் சேருவதற்கு முன் எடையைக் குறைக்க வேண்டும் என்று, யூடியூப் பார்த்து, மூன்று மாதமாகப் பழச்சாறு மட்டுமே குடித்து வந்தார் என்று குடும்பத்தார் சொன்னதாகச் செய்தித்தாள்களில் வந்தது. வீட்டில் ஒரு பூஜை நாளில் நெடுநாள் கழித்துத் திட உணவு சாப்பிட்டார், வாந்தி எடுத்தார், மூச்சுத் திணறியது என்பதுதான் அன்று வெளிவந்த விவரம். இறப்பின் காரணத்தை உடற்கூறாய்வு அறிக்கைதான் சொல்ல வேண்டும் என்றது போலீஸ். அவர் பார்த்த வீடியோதான் காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் பார்த்த வீடியோவின் கீழே ஒரு டிஸ்கிளைமர் இருந்திருந்தால், அந்தப் பிள்ளை அதைப் படித்திருப்பானா?

எடை மெஷின் சொன்னதும் தலைப்பு சொல்வதும்

உங்கள் தலைப்பு: "சாறு மட்டும்! 10 நாளில் 7 கிலோ! நானே சாட்சி." மெஷினில் 84 காட்டியதும் 77 காட்டியதும் உண்மைதான். ஆனால் இதைப் பார்க்கிறவன் "ஏழு கிலோ கொழுப்பு கரைந்தது" என்றுதான் எடுத்துக்கொள்வான். அது நடக்க முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காகிதமும் பேனாவும் போதும்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஏழு கிலோ என்றால் 53,900. பத்து நாளில் அது தீர வேண்டுமானால், சாப்பிடுவதைவிட ஒரு நாளைக்கு 5,390 கலோரி கூடுதலாகச் செலவாக வேண்டும். உங்கள் வயதும் எடையும் உழைப்பும் வைத்துப் பார்த்தால் உங்கள் உடல் ஒரு நாளில் செலவழிப்பது சுமார் 2,500. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாலும் கணக்கு எட்டாது.

நீங்கள் தினம் ஆறு டம்ளர் ஆரஞ்சுச் சாறு குடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கால் லிட்டர் டம்ளருக்குச் சுமார் 110 கலோரி என்று வைத்தால் ஆறுக்கும் 660. அப்படியானால் ஒரு நாள் பற்றாக்குறை 1,840, பத்து நாளில் 18,400. அதை 7,700-ஆல் வகுத்தால் 2.4 கிலோ வரும். மீதி நாலரை கிலோ எங்கே போனது? கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து முதலில் கரையும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அந்தத் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். உப்பு குறைந்ததால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். குடலில் இருக்கும் உணவின் எடை போகும். கொஞ்சம் தசையும் போகும். ஆறு டம்ளர் சாற்றில் புரதம் பத்து கிராம்தான் தேறும். 65 கிலோ உள்ள ஒரு ஆணுக்கே தினம் ஐம்பத்து நாலு கிராம் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. ஜிம் நடத்துகிற உங்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

போனில் கூப்பிட்டு ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கும்: "இப்போ எவ்வளவு?" மூன்று வாரத்தில் எண்பத்தொன்றரைக்கு வந்துவிட்டது என்றீர்கள். போன ஏழில் நாலரை திரும்பிவிட்டது. மேலே போட்ட கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஸ்கிரிப்டில் இந்த எண்பத்தொன்றரை எங்கேயும் இல்லை. உங்கள் வீடியோவின் பெரிய குறை அதுதான். உங்களுக்கு நடந்ததில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

"எனக்கு நடந்தது" என்று சொல்வது தப்பில்லை. ஆனால் சாட்சி சொல்கிறவன் முழுச் சாட்சி சொல்ல வேண்டும். வயது, தொடங்கிய எடை, நோய் உண்டா, என்ன குடித்தீர்கள், எவ்வளவு, தலைசுற்றல் வந்ததா, நிறுத்திய பிறகு எடை என்ன ஆனது, இத்தனையும் வேண்டும். முன்-பின் படம் போடுவதாக இருந்தால் இரண்டிலும் தேதி வேண்டும். ஒரே வெளிச்சத்தில், ஒரே மாதிரி நின்று எடுத்த படங்களாகவும் இருக்க வேண்டும்.

எல்லையை வாக்கியத்துக்குள் வையுங்கள்

இரண்டாவது வரி: "ஜிம் வேண்டாம், மருந்து வேண்டாம், பக்க விளைவே கிடையாது." மூன்றாவது: "சுகர், பிரஷர் எல்லாம் தானா நார்மல் ஆயிரும்." இவற்றுக்குக் கீழே, டிஸ்கிரிப்ஷனின் அடியில், ஆங்கிலத்தில் இரண்டு வரி டிஸ்கிளைமர் வைத்திருக்கிறீர்கள்.

வீடியோ எப்படிப் பயணம் செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். யாரோ ஒருவர் நாற்பது விநாடியை வெட்டிக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவார். அதில் டிஸ்கிரிப்ஷன் வராது, கடைசி ஸ்லைடு வராது. உங்கள் வாயிலிருந்து வந்த வாக்கியம் மட்டும்தான் போகும். ஆகவே ஒரு வாக்கியத்தின் எல்லை அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்கிரிப்ட் திருத்தும்போது ஒவ்வொரு உடல்நல வரியிடமும் நாலு கேள்வி கேட்பேன். யாருக்கு? எவ்வளவு? எத்தனை நாள்? எப்போது நிறுத்த வேண்டும்? நாலுக்கும் அந்த வரியிலோ அடுத்த வரியிலோ பதில் இல்லையென்றால் வரியை அடித்துவிடுவேன்.

"சுகர் தானா நார்மல் ஆயிரும்" என்ற வரியை இந்த நாலு கேள்வியால் தட்டிப் பாருங்கள். யாருக்கு? இதை முதலில் ஆவலோடு கேட்கப்போவது சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். சக்கை நீக்கிய பழச்சாற்றில் நார் போய்விட்டிருக்கும், சர்க்கரை நேராக ரத்தத்தில் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில் பழச்சாற்றுச் சர்க்கரையையும் தேன், வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே வகையில்தான் சேர்த்திருக்கிறது. ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டால் சர்க்கரை தாறுமாறாக ஏறும். இன்னொருவர் கிளிமிபிரைடு மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்துவார். அவருக்கு ராத்திரியில் சர்க்கரை விழுந்துபோகும். ஒரே வரி ஒருவரை மேலேயும் இன்னொருவரைக் கீழேயும் தள்ளுகிறது. இந்த வரியைத் திருத்த வழியில்லை. அடிக்கத்தான் வேண்டும்.

"பக்க விளைவே கிடையாது" என்பதும் அப்படித்தான். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் வெளியேறாது. ஆறு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றில் அது சுமார் மூன்று கிராம் இருக்கும். ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும்.

நம் வீட்டு முற்றத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு நிற்கிறது. மீன் குழம்புக்குப் போடும் பிலிம்பிக்காய், மலையாளத்தில் இரும்பன்புளி. அதைச் சாறாகப் பிழிந்து குடித்தால் கொலஸ்ட்ரால் குறையும் என்று கேரளத்தில் ஒரு பேச்சு பரவியது. குடித்தவர்களில் பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் இந்தியச் சிறுநீரகவியல் இதழில் பதிவு செய்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் நிறைய உண்டு. குழம்பில் நாலு துண்டு கிடந்தால் ஒன்றும் ஆகாது. டம்ளர் டம்ளராகக் குடிக்கும்போது அது படிகமாகிச் சிறுநீரகத்தில் அடைத்துக்கொள்கிறது. இயற்கையானது, தலைமுறையாகச் சாப்பிடுவது என்ற வாதம் இங்கே ஏன் உதவவில்லை என்று பாருங்கள். தலைமுறை சாப்பிட்டது குழம்பில், அதுவும் கொஞ்சமாக. அளவு மாறியதும் அது வேறு பொருளாகிவிட்டது. "எவ்வளவு?" என்ற கேள்வியை நான் விடாமல் கேட்பதற்கு இதுதான் காரணம்.

முடிக்கும் நாள்தான் ஆபத்து

உங்கள் ஸ்கிரிப்டின் கடைசிக் காட்சி என்னைத் திடுக்கிட வைத்தது. பத்தாம் நாள் முடிந்ததும் வாழையிலை போட்டுச் சம்பாச் சோறு, அவியல், பாயசம் என்று ஒரு பிடி பிடிக்கிறீர்கள். "டயட் ஓவர் மக்களே!" என்கிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதே வீடியோவைப் பார்த்து முப்பது நாள் இருந்துவிட்டு ஒருவர் இப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும்?

பல நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்ட உடலில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றின் இருப்பு வற்றியிருக்கும். ரத்தப் பரிசோதனையில் அது தெரியாமலும் போகலாம். திடீரென்று சோறும் பாயசமும் உள்ளே போனதும் இன்சுலின் எகிறும். அது ரத்தத்தில் மிச்சமிருக்கும் அந்தத் தாதுக்களைச் செல்களுக்குள் இழுத்துவிடும். ரத்தத்தில் அளவு சரிந்து இதயத் துடிப்பு தவறலாம், மூச்சுத் தசை தளரலாம். மருத்துவத்தில் இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் மருத்துவர்களுக்கு இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் மிகக் குறைவாகச் சாப்பிட்டவருக்கு முதலில் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர் கூடுதல் ஆபத்தில் இருப்பவர்.

குளச்சல் பையனுக்கு நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. அந்த முடிவுக்கு வர நம் கையில் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாதபோது வாயை அடக்குவதும் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்தான். நான் சொல்வது இவ்வளவே: உணவைக் குறைக்கச் சொல்லும் எந்த வீடியோவும், எப்படித் திரும்ப வருவது, யாரைக் கேட்டு வருவது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் தகுதி தனக்கில்லை என்றால் குறைக்கச் சொல்லும் தகுதியும் இல்லை.

யார் சொன்னது?

உங்கள் ஸ்கிரிப்டில் "ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்க" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த ஆராய்ச்சி என்று கேட்டதற்கு இன்னொரு யூடியூப் சுட்டியை அனுப்பினீர்கள். அவரும் இன்னொருவரைக் காட்டுகிறார். இப்படிப் போனால் கடைசியில் யாருமே இருக்க மாட்டார்கள்.

ஆதாரம் தேடும்போது மேலிருந்து தொடங்குங்கள். இந்தியச் சாப்பாட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எடை குறைப்பைப் பற்றி அதில் இருப்பது உங்கள் தலைப்புக்கு நேரெதிர்: வாரத்துக்கு அரை கிலோ குறைவது பாதுகாப்பானது, எடை குறைப்புச் சாப்பாடு ஆயிரம் கலோரிக்குக் கீழே போகக் கூடாது. உங்களுடையது 660. சாறாகக் குடிப்பதைவிடப் பழமாகச் சாப்பிடு என்றும் அது சொல்கிறது. உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் இருக்கிறது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. இதைச் சொல்ல உங்களுக்குச் சான்றிதழும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது.

தனி ஆராய்ச்சிக் கட்டுரையைக் காட்ட நினைத்தால் சுருக்கத்தில் மூன்றை மட்டும் பாருங்கள். சோதித்தது மனிதரிலா எலியிலா? எத்தனை பேர்? எத்தனை நாள்? இருபது பேரை மூன்று வாரம் பார்த்த ஆய்வை வைத்துக்கொண்டு "நிரூபணம்" என்று சொல்லக் கூடாது. "இருபது பேரில் மூன்று வாரம் பார்த்தார்கள், இப்படி வந்தது" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் வீடியோவின் தரம் குறையாது, கூடும்.

ஒரு மருத்துவரைக் கூட்டிவந்து பேச வைப்பதாக இருந்தால், அவர் பெயருக்கு முன்னால் "டாக்டர்" இருப்பதை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். பதிவு எண் கேளுங்கள், இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. எம்.பி.பி.எஸ். படித்தவர் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும், பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவர் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்திலும் பதிந்திருப்பார். அடுத்து அவர் துறை என்ன என்று பாருங்கள். எலும்பு முறிவு மருத்துவர் நல்ல மருத்துவராக இருக்கலாம், சர்க்கரை நோயாளியின் சாப்பாட்டுக்கு அவர் ஆதாரம் ஆக மாட்டார். நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் உண்டு. அவர்களைப் பேச வையுங்கள், மரியாதையாகப் பேச வையுங்கள். ஆனால் "பரம்பரை வர்ம ஆசான்" என்றே திரையில் பெயர் போடுங்கள். டாக்டர் என்று போடாதீர்கள். உங்கள் பெயருக்குக் கீழேயும் அதே நேர்மை வேண்டும்: "உடற்பயிற்சிப் பயிற்சியாளர், மருத்துவர் அல்ல, உணவியல் நிபுணர் அல்ல."

சட்டம் எங்கே நிற்கிறது

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, உடல்நலம் பேசும் பிரபலங்களுக்கும் சானல்காரர்களுக்கும் தனி வழிகாட்டுதல் கொடுத்தது. தகுதி உள்ளவர் அதைத் திரையில் சொல்ல வேண்டும். தகுதி இல்லாமல் உடல்நல நிபுணர் போலப் பேசுகிறவர், இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது என்பதைப் பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். தண்ணீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள், தினம் உடற்பயிற்சி செய்யுங்கள் போன்ற பொது அறிவுரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு நோயையோ ஒரு பொருளையோ குறிப்பிட்டதும் கட்டுப்பாடு தொடங்குகிறது.

எடை குறைக்கும் பொடி ஒன்றைக் காட்டினால் காசு தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே கவனம் இன்னும் கூட வேண்டும். மருந்து, மாய நிவாரணம் பற்றிய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. உடல் பருமன், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் மூன்றும் அதில் இருக்கின்றன. இவற்றைக் குணமாக்கும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்தால் முதல் தடவையே ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்தில் வந்து பரிந்துரைப்பவருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பதஞ்சலி வழக்கில் 2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், பொருளைத் தயாரிப்பவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு அதைப் பரிந்துரைக்கும் பிரபலத்துக்கும் சமூக ஊடகக்காரருக்கும் உண்டு என்றது.

ஆனால் 2019 சட்டத்திலேயே ஒரு வாசலும் இருக்கிறது. பரிந்துரைக்கும் முன் அந்தக் கூற்று உண்மையா என்று உரிய அக்கறையோடு சரிபார்த்தவருக்கு அந்த அபராதம் இல்லை. சரிபார்த்தேன் என்று எப்படிக் காட்டுவீர்கள்? இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு பக்கம். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு உடல்நல வரியையும் எழுதி, அதன் எதிரே ஆதாரத்தின் பெயர், பக்க எண், பார்த்த தேதி, யாரிடம் கேட்டீர்கள் என்பதை எழுதுங்கள். எதிரே எழுத ஒன்றும் இல்லாத வரியைப் பேசாதீர்கள். காசு வாங்கிப் போடும் வீடியோவில் பதிவேற்றும்போது `Paid promotion` என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். அதோடு நிறுத்தாமல் "இது கட்டண விளம்பரம்" என்று தமிழில், வாயாலும் சொல்லித் திரையிலும் காட்ட வேண்டும். பேசுவது தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில்தான் இருக்க வேண்டும்.

திருத்திய ஸ்கிரிப்ட்

உங்கள் அனுபவத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. அதில் நல்ல வீடியோ ஒன்று இருக்கிறது, நீங்கள் எழுதியதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில். இப்படித் தொடங்கிப் பாருங்கள்.

தலைப்பு: "10 நாள் சாறு குடிச்சேன். 7 கிலோ போச்சு, நாலரை திரும்பி வந்துட்டு. ஏன்?"

முதல் அரை நிமிடம், கேமராவைப் பார்த்து: "நான் ஜிம் டிரெய்னர், டாக்டர் இல்ல. இத நான் செஞ்சது தப்பு, நீங்க செய்யாதீங்க. முக்கியமா பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்க, சுகர், பிரஷர், கிட்னிக்கு மருந்து எடுக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, பாலூட்டுறவங்க. ஏற்கெனவே இப்படி நாலஞ்சு நாளுக்கு மேல சரியா சாப்பிடாம இருக்கிறவங்க, திடீர்னு வயிறு முட்டச் சாப்பிடாம, டாக்டர பாத்துட்டு மெதுவா திரும்புங்க."

நடுவில் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். 84, 77, 81.5 என்ற மூன்று எண்ணும் திரையில் இருக்கட்டும். பிறகு: "வாரத்துக்கு அரை கிலோன்னு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது. நாளைக்கு 550 கலோரி குறைஞ்சா அது நடக்கும். அத சாப்பாட்டுல எப்படிக் குறைக்கணும்னு ஒரு உணவியல் நிபுணர கேளுங்க. நடையிலும் பயிற்சியிலும் என்ன செய்யலாம்னு நான் காட்டுறேன்." இங்கிருந்து வீடியோ உங்கள் சொந்த மண்ணுக்கு வந்துவிடுகிறது. குந்துப் பயிற்சி காட்டும்போதும் நாலு கேள்வி மறக்க வேண்டாம்: எத்தனை தடவை, வாரம் எத்தனை நாள், மூட்டு மாற்றியவர் செய்யலாமா, எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும்.

கடைசியில்: "நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், படபடப்பு வந்தா அடுத்த வீடியோ பாக்காதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க. சந்தேகம்னா 104." டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியில் தமிழில் அதே எச்சரிக்கை, கீழே ஆதாரங்களின் பெயர். டிஸ்கிளைமருக்கு வேலை இங்கேதான். வீடியோவில் ஏற்கெனவே சொன்னதை அது நினைவூட்டலாம். வீடியோ சொன்ன பொய்யை அது திரும்ப வாங்க முடியாது.

இந்த வீடியோவிலிருந்து ஷார்ட்ஸ் வெட்டுவதாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வெட்டிய துண்டை உங்கள் அம்மாவுக்கு மட்டும் அனுப்புங்கள். முழு வீடியோவைக் காட்ட வேண்டாம். பார்த்துவிட்டு "இதுல என்ன சொல்றே?" என்று அவர் சொல்லட்டும். "சாறு குடிச்சா எடை குறையும்னு சொல்றே" என்றால் வெட்டிய இடம் தப்பு. "சாறு மட்டும் குடிச்சா போன எடை திரும்பி வந்துரும், அத செய்யாதேன்னு சொல்றே" என்றால் போடுங்கள்.

பழைய வீடியோக்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதே நாலு கேள்வியோடு பாருங்கள். தேறாததை முதலில் `Private` ஆக்குங்கள். பிறகு, முன்பு என்ன சொன்னேன், இப்போது ஏன் மாற்றுகிறேன் என்று ஒரு சின்ன வீடியோ போடுங்கள். பேசாமல் நீக்கிவிட்டால், முன்பே பார்த்தவர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

பொடி கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நோட்டின் ஒரு பக்கத்தை அவர்களுக்கும் அனுப்புங்கள். பொடி எடை குறைக்கும் என்ற வரிக்கு எதிரே உள்ள கட்டத்தை அவர்கள் நிரப்பித் தரட்டும். நிரம்பி வந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம். வராவிட்டால் அதுவே பதில்.